சுட்டும் சுருக்கமும்

அவன், அவள், அது, அந்த, அப்போது என்னுஞ் சொற்கள் உரைநடையில் வரிதோறும் வந்து படிப்பவரைத் தடுத்து நிறுத்துவதை அன்பர் பலர் உணர்ந்திருப்பர். ஒரு சொல்லையே பன்முறை கேட்பதனாலாகிய சலிப்பு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. தமக்கு வேலையில்லாத இடத்தில் சுட்டுச்சொற்கள் நிற்றலே பெருங்காரணம் என்பது, கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் நாம் கண்டது.

தமிழ் வினைமுற்று தன் விகுதியினாலேயே வினைமுதலை உணர்த்த வல்லது. 'சென்றான்' என்ற அளவிலே, சென்றவன் ஒருவன், ஆண்மகன், பேசுவோனும் கேட்போனும் அல்லாத பிறன் என்பன விளங்கிவிடும். எழுவாயை வெளிப்படச் சொல்லாது விடினும் பொருள் குன்றாமையின், இலக்கணமுடையார் அதனைத் தோன்றா எழுவாய் என்று பெயரிட்டு ஒப்புக்கொண்டனர். ஆங்கிலத்திலோ இறந்தகால வினை பெரும்பாலும் எல்லாரிடத்தும் ஒரே வடிவாய் நிற்பதால், எழுவாய் இன்றியமையாததாகிறது. அம்மொழியில் எண்ணித் தமிழில் எழுதுங்கால், அவ்வெழுவாய்களும் உடன் வந்து குடிபுகுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக் காண்போம்:

'ஓர் உழவன் தன் மகனோடு சந்தைக்குச் சென்றான். அவன் அங்கே ஓர் எருதை வாங்கினான். அவன் அந்த எருதை அவனுடைய வீட்டிற்கு ஓட்டி வந்தான். அந்த எருது வழியில் படுத்துக்கொண்டது. அதனால் அவன் அதை அடித்தான். அப்போது அவன் அவனைத் தடுத்தான்.'

ஆறு சிறு வாக்கியங்களில் 12 சுட்டுச்சொற்கள் உள்ளன. முதல் மூன்று வாக்கியங்களுக்கும் வினைமுதல் உழவன் ஒருவனே. ஆகவே சென்றான், வாங்கினான் என்னும் முற்றுக்களைச் சென்று, வாங்கி என எச்சங்களாக்கினால், இடையிலுள்ள 'அவன்' இரண்டும் தாமே உதிர்ந்துவிடும். 'அவனுடைய வீடு' என்பது எருதை விற்றவன் வீடோ என்னும் ஐயத்திற்கும் இடந்தருவதால், 'வீட்டிற்கு' என்பதே சாலும். இங்ஙனந் திருத்தின் பத்தி பின்வருமாறு நிற்கும்:

'ஓர் உழவன் தன் மகனோடு சந்தைக்குச் சென்று ஓர் எருதை வாங்கி வீட்டிற்கு ஓட்டி வந்தான். வழியில் எருது படுத்துக்கொள்ளவே, உழவன் அதனை அடித்தான், மகன் தடுத்தான்.'

இதில் எஞ்சிய சுட்டு 'அதனை' ஒன்றே. அதனையும் நீக்கினால், அடிபட்டது எருதோ மகனோ என்னும் ஐயம் எழக்கூடும். ஆகவே அது நிற்க வேண்டும். இடையில் எருது வினைமுதலாய் வந்துவிட்டமையின், 'உழவன்' என்ற பெயரை மீண்டுஞ் சொன்னோம். சுருக்கும் ஆசையால் 'சந்தைக்குச் சென்று, எருதை வாங்கி, எருது படுத்துக்கொண்டது' என்று கோத்துவிட்டால், சந்தைக்குச் சென்றதும் வாங்கியதும் எருதேயாய் முடியும். 'செய்து' என்னும் வாய்பாட்டெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியர் விதித்ததன் பயன் ஈண்டு விளங்கும். வினைமுதல் மாறுமிடத்துப் 'படுத்துக்கொள்ளவே' போன்ற எச்சமே பொருந்தும்.

விகுதியால் இடங்காட்டாத சொற்களும் உண்டு. 'வர இயலவில்லை', 'போக வேண்டும்' என்பன தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றற்கும் பொது. இவற்றின்முன் எழுவாயை நீக்குவதாயின், முன்வாக்கியத்திலிருந்து அது ஐயமின்றித் தெரிகிறதா என்று பார்த்தே நீக்குதல் வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டளவிலான நயங்கள் என்று கருதுவார்க்கு ஒன்று கூறுவோம். விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, எழுத்தறியாத அண்டைவீட்டு அம்மையார் ஒருவர், தம் மகன் எழுதிய கடிதத்தைப் படிக்கும்படி நம்மிடம் தந்தார். 'மாமாவும் கடைக்காரரும் நேற்று வந்தார்கள். அவர் அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டார்' என்றிருந்தது. "தம்பி, கொடுத்தது யாரு, வாங்கினது யாரு?" என்று அம்மையார் வினவினார். கடன் தீர்ந்ததா, புதிதாய் ஏறியதா என்பது அவ்விரு சொற்களுள் அடங்கிக் கிடந்தது. இருமுறை படித்தும் நம்மால் விடைகூற இயலவில்லை. மறுமொழி வரும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து ஒருங்கு வருங்கால், இயற்பெயரை முன்னும் சுட்டுப்பெயரைப் பின்னுமாகக் கூறுதலே வழக்கு என்பதும், மாறி வருதல் செய்யுளுக்கு உரியது என்பதும் தொல்காப்பியத்தில் உள்ளன. முன்னே பெயர் இருந்தாலன்றிச் சுட்டு எதனைச் சுட்டும்? கடிதத்திலோ இரண்டு பெயர்கள் முன்னே நின்றன; இரண்டற்கும் 'அவர்' என்பதே பொருந்திற்று. ஆகவே எழுதி முடித்ததும் சுட்டுக்களின் கீழெல்லாம் கோடிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் மறைத்துப் படித்துப் பார்க்கலாம். பொருள் குறையாதாயின் அதனை நீக்குக, குறையுமாயின் நிறுத்துக, இருவரைக் குறிக்குமாயின், அவ்விடத்தில் பெயரையே எழுதுக.