அப்பா நிலத்தை மூணா பிரிச்ச கதை

போன ஞாயிறு அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது, ஊர் நிலத்தை எப்படிப் பிரிப்பதுன்னு ஒருத்தர் கேட்டார். நாங்க செஞ்சதை எழுதுறோம்.

முசிறி பக்கம் அப்பா விட்டுப்போன நிலம். வண்டிப்பாதைக்கு 12 அடி ஒதுக்கியது போக 360 சென்ட். பங்கு மூணு: மலேசியாவில் நாங்க, இங்கேயே தங்கச்சி, ஊரில் விவசாயம் பார்க்கும் தம்பி.

ஆளுக்கு 120 சென்ட்னு ரோட்டிலிருந்து பின்னாடி வரை நீளமா கிழிக்கலாம்னுதான் முதல்ல பேச்சு. அளந்து பார்த்தா 58 அடி அகலம், 900 அடி நீளம். டிராக்டர் திரும்பவே கஷ்டம், கிணறும் ஒருத்தர் பங்கில் போய் விழும். குறுக்கே பிரிச்சா, தங்கச்சிக்குப் பின்னாடி மேட்டு நிலம்னு பேச்சு வந்தது. அவ அழுதுட்டா.

அப்புறம் சென்டை விட்டுட்டு மதிப்பை எண்ணினோம். அரசாங்க வழிகாட்டி மதிப்பு பத்திரச் செலவுக்குத்தான். கிணறு எங்கே இருக்குன்னு அது பார்க்காது. அக்கம்பக்கத்தில் விற்ற விலையை விசாரிச்சு, மானாவாரி ஒரு சென்டுக்கு 1 புள்ளி, கிணத்துப் பாசனத்துக்கு 2, ரோட்டோரத்துக்கு 3 வச்சோம். ரோட்டிலிருந்து 100 அடி ஆழம் வரைதான் 3. அதுக்குப் பின்னாடி ரோட்டு விலை கிடையாது.

ரோட்டோரம் 40 சென்ட், 120 புள்ளி. பாசனம் 130 சென்ட், 260. மானாவாரி 190 சென்ட், 190. மொத்தம் 570, ஆளுக்கு 190.

முதல் பங்கு, மானாவாரி 190 சென்ட். ரெண்டாவது, பாசனம் 95. மூணாவது, ரோட்டோரம் 40, கூடவே பாசனம் 35.

முதல்ல பாசனத்துக்கு ஒன்றரைதான் வச்சோம். "எந்தப் பங்கு வந்தாலும் சம்மதமா?"ன்னு கேட்டா மூணு பேர் கண்ணும் பாசனத்து மேலதான். அப்ப மதிப்பு குறைச்சல்னு தெரிஞ்சு 2 ஆக்கினோம். மானாவாரிக்கும் வாரம் ஒரு நாள் தண்ணி கேட்டார் சொந்தக்காரர் ஒருத்தர். கொடுத்தா அது 1 புள்ளி நிலமே இல்லையே! அதனால தண்ணி உரிமை பாசனப் பங்கு ரெண்டுக்கும் மட்டும்: நாலு நாளில் 95 சென்டுக்கு மூணு நாள், 35 சென்டுக்கு ஒரு நாள். பாதையையும் தண்ணி முறையையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிப் பதிஞ்சோம். தம்பி சொந்தக் காசில் வாங்கிய மோட்டாருக்கு மூணில் ரெண்டு பங்கை நாங்களும் தங்கச்சியும் தனியா கொடுத்தோம். அதை நிலக் கணக்கில் கலக்கலை.

பத்திரம் எழுதுமுன்னே குலசாமி கோயிலில் சீட்டுப் போட்டோம். ரோட்டோரம் தங்கச்சிக்கு, பாசனம் எங்களுக்கு, மானாவாரி தம்பிக்கு. தம்பி முகம் வாடிப்போச்சு, அவன் பிழைப்பே அந்தத் தண்ணியில்தானே. நாங்க மாத்திக்கிட்டோம். ரெண்டும் 190 புள்ளி, அதனால ஒருத்தருக்கொருத்தர் ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கலை.

இப்ப எங்க மானாவாரியில் கடலை போட்டிருக்கான், தம்பிதான்.