வறுத்த தூள், வெயில் தூள்

காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் பெண்கள் சிலர், முகூர்த்தம் இல்லாத நாட்களில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறார்கள். கிலோக் கணக்கில் என்றால் மிஷினுக்குப் போகும். நூறு, இருநூறு கிராமை மிஷின்காரர் வாங்க மாட்டார். வாங்கினாலும் பாதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், மீதி முன்னால் அரைத்தவரின் மிளகாயோடு கலந்துதான் வரும். அதனால் சின்ன ஆர்டர்கள் எல்லாம் வீட்டு மிக்ஸியில்தான். அந்தச் சின்ன அளவைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

வறுத்து அரைப்பது நல்லதா, வெயிலில் காயவைத்துப் பச்சையாக அரைப்பது நல்லதா என்று கேட்டேன். அங்கே மூத்தவரான சமையல்கார அக்கா திருப்பிக் கேட்டார்: "எதுல போடப் போறே, எப்பப் போடப் போறேன்னு மொதல்ல சொல்லுத்தா. அப்புறம் அடுப்பைப் பத்தவைக்கிறதா வேணாமான்னு பாப்போம்."

அன்றைக்குக் கோழி மசாலாவுக்கு ஓர் ஆர்டர் இருந்தது. ஒரே சரக்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை வறுத்தும் மறு பங்கை வெயிலில் வைத்தும் அரைத்துக் காட்டச் சொன்னேன். ஒரு பங்குக்கு மல்லி 50 கிராம், காம்பு கிள்ளிய வரமிளகாய் 20 கிராம், சோம்பும் சீரகமும் மிளகும் பத்துப் பத்து கிராம், விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு ஐந்தாறு, ஏலக்காய் நாலு, கல்பாசி ஒரு சிட்டிகை. இதற்கும் குறைந்தால் மிக்ஸியின் சின்ன ஜாரில் பிளேடுக்கு மேல் சரக்கு நிற்காது. மல்லி சுவரில் மோதிக்கொண்டே சுற்றும், அரையாது.

வெயில் பங்கு முந்தின நாளே மாடிக்குப் போய்விட்டது. வெயிலின் வேலை ஈரத்தை எடுப்பது மட்டும்தான். மிளகாயை ஒடித்தால் 'சடக்' என்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் வெயிலுக்குப் பதிலாகச் சட்டியில் லேசாகச் சூடு காட்டுவார்கள். அது வறுப்பதில் சேராது. நிறம் மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும்.

வறுக்கும் பங்குக்கு இருப்புச்சட்டி அடுப்பில் ஏறியது. சமையல் புத்தகங்களில் 'மணம் வரும் வரை வறுக்கவும்' என்று இருக்குமே, அதைப்போல் உதவாத குறிப்பு வேறு இல்லை. மணம் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். கருகுகிற வரைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். அக்கா மூக்கை நம்பவில்லை. மல்லியைத் தனியாகப் போட்டு, தீயைக் குறைத்து, கை ஓயாமல் கிளறினார். ஐந்தாறு நிமிடம் ஆனது. நடுநடுவே இரண்டு மணியை எடுத்து ஆறவிட்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். முதலில் தோல் நார்நாராக நசுங்கியது. பிறகு ஒருமுறை 'மொறுக்'கென்று உடைந்து பொடியானது. நிறம் ஒரு படிதான் ஏறியிருந்தது. உடனே சொளகில் கொட்டிப் பரப்பிவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு மல்லியைச் சட்டியிலேயே விட்டால் இரும்பின் சூட்டில் அது மேலும் வறுபட்டுக்கொண்டே போகும். கருகல் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது.

அந்த ஐந்தாறு நிமிடத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. பச்சை மல்லியில் ஒரு பூ வாசனையும் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் வாசனையும் உண்டு. அது பெரும்பாலும் லினலூல் என்ற எண்ணெய்ப் பொருளால் வருவது. சூட்டில் அது ஆவியாகிறது. அதாவது, வறுக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் அவ்வளவும் மசாலாவை விட்டுப் போனது. இன்னொரு பக்கம், விதையிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து, பச்சை விதையில் இல்லாத ஒரு புது வாசனையை உண்டாக்குகின்றன. காப்பிக்கொட்டையை வறுக்கும்போது நடக்கும் அதே மெய்லார்டு வினை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம். எதைக் கொடுக்கலாம் என்பது சரக்குக்குச் சரக்கு மாறும்.

அதனால்தான் அக்கா எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டவில்லை. சோம்புக்கு மல்லியைவிட மிகக் குறைந்த நேரம். சீரகத்துக்கு ஒரு நிமிடம்கூட அதிகம். ஒரு சுற்று கருத்தால் மொத்தப் பொடியும் கசக்கும், அதை எதைப் போட்டும் மறைக்க முடியாது. மிளகு ஒன்றிரண்டு வெடித்ததும் இறங்கியது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், கல்பாசி நான்கையும் அடுப்பை அணைத்த பிறகு, சூட்டுச் சட்டியில் ஒரு புரட்டு புரட்டியதோடு சரி. அவற்றின் மதிப்பெல்லாம் பறந்துபோகிற எண்ணெயில்தான் இருக்கிறது. கடைசியில், மறுபடி தீ மூட்டி, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மிளகாய். எண்ணெய் பட்டால் நெடி கொஞ்சம் அடங்கும். மிளகாய் உப்பி, சிவப்பு பளபளக்க வேண்டும். ஓரம் கருத்த இரண்டை எடுத்து வெளியே எறிந்தார்.

மஞ்சள்? அது சட்டிக்கே வராது. விரலி மஞ்சளை வேகவைத்துத்தான் காயப்போடுகிறார்கள். அரைத்து முடித்ததும் தூளாகக் கலந்தால் போதும்.

அரைப்பதற்கு முன் நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துத் தூள் கட்டிபிடிக்கும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடாமல், சில விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைத் தட்டி, மறுபடி ஓட்டினார். ஜாரின் அடியைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் அந்த இடைவெளி இன்னும் நீளும். பிறகு சல்லடை. நின்ற கப்பி மறுபடி ஜாருக்கு. இங்கேதான் இரண்டு பங்குக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. வறுத்ததில் கப்பி ஒரு ஸ்பூன்தான். வெயில் பங்கில் மல்லித்தோல் நாராகச் சல்லடை நிறையக் கிடந்தது. எத்தனை தடவை ஓட்டியும் கொஞ்சம் மிஞ்சியது. மிஷினாக இருந்தால் அதையும் மாவாக்கியிருக்கும். வெயில் தூளை மிஷினுக்கும் வறுத்த தூளை மிக்ஸிக்கும் என்று இவர்கள் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறமும் வேறு. வெயில் தூள் செம்மஞ்சளாக, வறுத்தது காவி கலந்த பழுப்பாக. இலங்கையில் இந்த இரண்டையும் தனித்தனித் தூளாகவே வைத்துக்கொண்டு, வறுத்ததை இறைச்சிக்கும் வறுக்காததைக் காய்கறிக்கும் போடுவது வழக்கம்.

சுவைக்கு அக்கா இரண்டு சோதனை வைத்தார். முதலாவது குழம்பு: வெங்காயம் வதங்கியதும் எண்ணெயிலேயே தூளைப் போட்டுப் பிரட்டி, கோழியோடு அரைமணி நேரம் கொதிக்கவிட்டார். இதில் வெயில் தூள் ஜெயித்தது என்பேன். மல்லியின் வாசனை காற்றில் போகாமல் எண்ணெயில் இறங்கியிருந்தது, நிறமும் நன்றாக இருந்தது. பச்சை வாடை கொதியில் போய்விட்டது. வறுத்த தூள் போட்ட குழம்பு மோசமில்லை. கறுத்து, ஒரே சுவையாக, கனமாக இருந்தது. இரண்டாவது, வறுவலை இறக்குமுன் மேலே தூவிப் பிரட்டுவது. வெயில் தூள் அங்கே பல்லில் நறநறத்தது, தொண்டையில் பச்சை மிளகாய்த்தூளின் கமறல். வறுத்ததை அள்ளி அள்ளித் தின்றோம்.

ஆர்டர் கொடுத்தவர் வறுவலுக்குத்தான் கேட்டிருந்தார் என்பதால் வறுத்த பங்கு பாட்டிலுக்குப் போனது. கசகசாவும் தேங்காயும் வறுத்து இதிலேயே சேர்த்துவிட முடியுமா என்று அவர் போனில் கேட்டார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வாரத்துல காறல் அடிச்சிரும்ங்க. சமைக்கிற அன்னிக்கு அதை மட்டும் தனியா அரைச்சு ஊத்திக்கங்க. இந்தத் தூளையும் ஒரு மாசத்துல தீத்துருங்க, வறுத்தது அதுக்கு மேல மணம் நிக்காது. தீர்ந்தா சொல்லுங்க, மறுபடி அரைச்சுத் தாரேன்."