எலிவால் பின்னலும் இரண்டு விரல் முடியும்

மகன் பிறந்து நான்காவது மாதம். குளிக்கும் போதெல்லாம் தரையில் கொத்துக் கொத்தாக முடி. பிரசவத்திற்குப் பிறகு இப்படிக் கொட்டுவது வழக்கம்தான், பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப வளர்ந்துவிடும் என்றார் டாக்டர். ஆனால் தங்கையின் கல்யாணத்திற்கு ஆறு வாரம்தான் இருந்தது.

"லேயர் வெட்டினா அடர்த்தியாத் தெரியும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். உச்சியிலிருந்தே படிப்படியாக வெட்டிவிட்டார்கள். ஊதி உலர்த்திய அன்று அழகுதான். வீட்டில் தலை குளித்ததும் மேலே கொஞ்சம் தூக்கலாக நின்றது, கீழே எலிவால். தோளில் வெள்ளைத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். கடைசி நான்கு அங்குலத்தில் முடியை விடத் துண்டுதான் அதிகம் தெரிந்தது.

ரெம்பியாவிலிருந்து அலோர் காஜா போய் வேறோர் அக்காவிடம் உட்கார்ந்தேன். அவர் முதலில் அந்த நான்கு அங்குலத்தை நேர்கோடாக வெட்டி எடுத்தார். என் கண் கலங்கிவிட்டது. "நுனி ஒரே கோடா இருந்தாத்தான் கனமாத் தெரியும், தங்கச்சி. உன் முடியில பின்னாடி லேயர் போட்டா இருக்கிறதும் போயிடும்" என்றார். பின்பக்கத்தைத் தொடவே இல்லை. வகிட்டின் இருபுறமும் முன்னால் இரண்டு விரல் அகலம் மட்டும் பிரித்தார். ஈரமுடி காய்ந்தால் மேலேறும் என்பதால் தாடைக்குச் சற்றுக் கீழே வெட்டி, அங்கிருந்து தோள்பட்டை வரை சரிவாக இறக்கினார். காய்ந்ததும் அது கன்னத்தோரம் வளைந்து நின்றது.

மற்றது உலர்த்தும் முறை. கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும். துண்டால் ஒற்றிவிட்டு, வகிட்டை எதிர்ப்பக்கம் மாற்றி, வேர்ப்பகுதியை முதலில் உலர்த்த வேண்டும். சூடு ஆறும் வரை அப்படியே விட்டு, பிறகுதான் வகிட்டைப் பழைய இடத்திற்குக் கொண்டுவர வேண்டும். ஆறும்போதுதான் முடி அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. சூட்டோடு சீவினால் உடனே படிந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரக்காற்றைக் குடித்து மாலைக்குள் எப்படியும் கொஞ்சம் படியும், அதற்கு மருந்தில்லை.

அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "எண்ணெய் வைக்காம எங்கடி போற?" கடைசியில் சனிக்கிழமை இரவு எண்ணெய், ஞாயிறு காலை இரண்டு முறை ஷாம்பு என்று உடன்பாடு ஆனது.

வகிடு அகலமாகிக்கொண்டே போனால், ஓராண்டு கழிந்தும் கொட்டினால், கத்தரிக்கோலை நம்பாதீர்கள். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது.

கல்யாணத்தன்று சின்னக் கொண்டை போட்டு, மல்லிகையைப் பின்னால் மட்டும் சுற்றினேன். பூவின் கனம் முன்முடியை இழுக்கக்கூடாதே! அந்த இரண்டு விரல் முடி தாலி கட்டும் வரை அசையாமல் நின்றது. அதன் பிறகு மகன் ஒரு பக்கத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.