பீரியடுக்கு நூறு, மாதத்துக்கு எவ்வளவு?

மத்தியப் பிரதேசத்தின் விருந்தினர் ஆசிரியர்களுக்கு இனி பீரியட் கணக்கு இல்லை, மாதச் சம்பளம்தான் என்று 2023 செப்டம்பரில் அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் அறிவித்தார். கேட்க நல்ல சேதிதான். ஆனால் மாதத் தொகையை எந்தக் கணக்கில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது லாபமா நட்டமா என்று தெரியும்.

நான் வேலை செய்யும் பகுதியில், சேரியிலிருந்து பி.எட். முடித்த முதல் பெண் ஒருவர் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தார். பீரியடுக்கு 100 ரூபாய், ஒரு நாளைக்கு 5 பீரியட். 22 நாள் பள்ளி நடந்த ஜூலையில் 11,000 வந்தது. காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் சேர்ந்த செப்டம்பரில் 12 நாள்தான் வகுப்பு, வந்தது 6,000. தேர்வறையில் நின்றதற்கும் விடைத்தாள் திருத்தியதற்கும் காசு இல்லை. ஏனென்றால் அவை பீரியட் இல்லையாம்.

அடுத்த ஆண்டு நிர்வாகம், "மாசம் 8,333 கொடுத்துடறோம்" என்றது. "அக்கா, ஒத்துக்கலாமா?" என்று கேட்டு வந்தார். இருவரும் பேப்பரில் போட்டுப் பார்த்தோம். தேர்வு நாட்கள் போக ஆண்டுக்கு 200 நாள் வகுப்பு. நாளுக்கு 5 வீதம் 1,000 பீரியட், அதாவது ஒரு லட்சம் ரூபாய். அதை 12 ஆல் வகுத்தால் 8,333. கணக்கு சரிதான். ஆனால் நியமனக் கடிதத்தில் வேலை ஜூன் முதல் மார்ச் வரை, பத்தே மாதம். பன்னிரண்டால் வகுத்துப் பத்து மாதம் கொடுத்தால் கைக்கு வருவது 83,330. பழைய கூலியிலேயே 16,670 ரூபாய் காணாமல் போகிறது. பத்து மாதம்தான் வேலை என்றால் மாதம் 10,000 வர வேண்டும்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. மாதச் சம்பளம் ஆனதும் பீரியடுக்கு விலை இல்லாமல் போகிறது. யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு இவரை அனுப்பலாம். நாளுக்கு 5 என்பது 7 ஆனால் ஆண்டுக்கு 1,400 பீரியட். அதே ஒரு லட்சத்துக்கு, பீரியடுக்கு 71 ரூபாய்தான் விழுகிறது.

அதனால் இரண்டு வரி எழுதிக் கேட்கச் சொன்னேன். ஒன்று, மாதம் 10,000 அல்லது மே வரை பன்னிரண்டு மாதமும் 8,333. இரண்டு, வாரத்துக்கு 25 பீரியட். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய். நிர்வாகம் முதல் வரியில் 10,000-ஐ ஏற்றது. இரண்டாவதை எழுதித் தர மறுத்துவிட்டது. அதனால் அவர் எடுக்கும் ஒவ்வொரு பீரியடையும் தேதி, வகுப்பு போட்டு ஒரு நோட்டில் குறித்து வருகிறார். அடுத்த முறை பேச உட்காரும்போது அந்த நோட்டுதான் ஆதாரம்.