நன்றியை எங்கே வைப்பது?

அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருப்பவருக்கு ஆண்டு விழாவில் இரண்டு வேலைகள் யாரும் சொல்லாமலே வந்து சேரும். ஒன்று வரவேற்புரை, மற்றொன்று நன்றியுரை. நாமே பேச வேண்டியிருக்கும், அல்லது ஒன்பதாம் வகுப்பில் கணீரென்று பேசும் ஒரு பிள்ளைக்கு எழுதித்தர வேண்டியிருக்கும். வரவேற்புரையில் பெரிய சிரமமில்லை. கூட்டம் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும், கேட்கவும் தயாராக இருக்கும். நன்றியுரையின் நேரம் அப்படிப்பட்டதல்ல. நடனம் ஆடி முடித்த பிள்ளைகள் பூசிய பவுடர் கலையாமல் அம்மாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இருட்டில் செருப்பைத் துழாவுவார்கள். மைக் செட்காரர் ஓரத்து வயரைச் சுருட்டத் தொடங்கியிருப்பார்.

இந்த நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் நமக்குக் கொடுக்கமாட்டார்கள். விழாவைத் தொடங்கிவைக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, முடித்துவைக்கும் நாட்டுப்பண் 52 விநாடி. இவ்விரண்டும் சேர்ந்தால் ஆகும் நேரம்தான் நன்றியுரைக்குச் சரியான அளவு என்பது என் கணக்கு. மேடையில் நிறுத்தி நிதானமாகப் பேசினால் அதற்குள் ஏறக்குறைய 150 சொற்கள் அடங்கும்.

வழக்கமாக நம் பள்ளிகளில் வாசிக்கப்படும் உரை இப்படி இருக்கும்: "இவ்விழாவிற்கு வருகை தந்து சிறப்புரை ஆற்றிய மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். முன்னிலை வகித்த ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்." ஒலி, ஒளி, பந்தல், தேநீர் வரை இதே வாய்பாடுதான். நான்காவது வரியில் கூட்டம் பேசத் தொடங்கிவிடும்.

இதைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது அடைமொழியில். ஒரு வரியில் மனமார்ந்த, அடுத்ததில் நெஞ்சார்ந்த, அதற்கடுத்து உளமார்ந்த, அதுவும் தீர்ந்தால் இதயங்கனிந்த. தாளில் பார்க்கையில் மாறியதுபோலத்தான் தோன்றும். காதுக்கு எந்த மாற்றமும் தெரியாது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. ஒலிபெருக்கியில் அழுத்தம் விழுவதும் மூச்சு நிற்பதும் அங்கேதான். நடுவில் என்ன மாற்றினாலும் ஒவ்வொரு வாக்கியமும் 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்று போய் விழுந்தால், கூட்டத்தின் காதில் மிஞ்சுவது அந்த ஒரு சொல்தான். ஓர் உரையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். ஒரே சொல் மூன்று முறை அடுத்தடுத்து வந்தால் அந்த இடத்தை மாற்றி எழுதியே ஆக வேண்டும்.

எப்படி மாற்றுவது? வாக்கியத்தை நன்றிக்குரியவர் செய்த காரியத்தில் முடிக்கலாம். நன்றி என்ற சொல்லை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தராமல், மூன்று பேர் செய்ததை அடுக்கிச் சொல்லி அவர்களுக்குச் சேர்த்து ஒரு முறை சொல்லலாம். 'அவர்களுக்கு' என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எங்கோ தொலைவில் இருப்பவர்போலப் பேசுவதை விட்டு, அவர் பக்கம் திரும்பி 'ஐயா' என்று அழைத்துச் சொல்லலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அவர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நன்றியுரையில் பாதி வேலை பேனாவை எடுப்பதற்கு முன்பே விசாரிப்பதில் இருக்கிறது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் உடற்கல்வி ஆசிரியரையும் அலுவலக உதவியாளரையும் சத்துணவு அமைப்பாளரையும் கேட்டால் போதும். திடலை யார் சமன்படுத்தினார், நாற்காலி எங்கிருந்து வந்தது, நாடகத்துக்குச் சேலை யாருடையது என்று எல்லாம் தெரிந்துவிடும். தலைமையாசிரியருக்குத் தெரியாததெல்லாம் இவர்களுக்குத் தெரியும்.

எழுதிய பிறகு பெயரை விரலால் மறைத்துக்கொண்டு வரியைப் படிப்பேன். 'விழா சிறக்க எல்லா வகையிலும் ஒத்துழைப்பு நல்கிய' என்பது யார் பெயருக்கும் பொருந்தும். அப்படி ஒரு வரி இருந்தால் அந்த மனிதரைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.

அப்படி விசாரித்து, மேலே சொன்ன வழக்கமான உரையை ஒன்பதாம் வகுப்பு மாணவி பேசுவதற்காக மாற்றி எழுதினால் இப்படி வரும். பெயர்களை இங்கே எடுத்துவிட்டேன். மேடையில் ஒவ்வொரு பொறுப்புக்கு முன்னும் பெயர் வரும்.

"அனைவருக்கும் வணக்கம். ஐயா, எட்டாம் வகுப்பில் கணக்கில் 17 மதிப்பெண் வாங்கியதை எங்களிடம் மறைக்காமல் சொன்னீர்கள். இன்றைய மாலையின் பெரிய கைதட்டல் அதற்குத்தான். மாவட்டக் கல்வி அலுவலராக வந்து, எங்களில் ஒருவராகப் பேசியதற்கு நன்றி.

மேடும் பள்ளமுமாகக் கிடந்த இந்தத் திடலைச் சமன்படுத்தித் தந்தார் ஊராட்சி மன்றத் தலைவர். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அக்கா தெருத்தெருவாக நடந்து அழைத்ததால்தான் இன்று நாற்காலி போதவில்லை. நாங்கள் வாங்கிய பரிசுப் புத்தகங்களெல்லாம் இங்கே படித்துவிட்டு இன்று திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் அண்ணன்களும் அக்காக்களும் அனுப்பியவை. எல்லாருக்கும் எங்கள் நன்றி.

இத்தனைக்கும் முதலில் 'சரி, செய்வோம்' என்றவர் எங்கள் தலைமையாசிரியர் அம்மா. நடனத்துக்குத் தாளம் சொன்ன டீச்சர், நாடகத்துக்குச் சொந்தச் சேலையைத் தந்த டீச்சர், இருட்டிய பிறகும் எங்களோடு இருந்து வீட்டுக்கு அனுப்பிவைத்த பி.டி. சார், உங்கள் தொண்டை கட்டியது எங்களால்தான். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

இந்தக் காகிதப் பூக்களை நாளைக் காலை கூட்டப்போகிற ஆயாம்மா, நாங்களும் துடைப்பத்தோடு வந்துவிடுகிறோம்.

வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு எங்களைப் பார்க்க வந்த அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி அனைவருக்கும் நன்றி. இப்போது நாட்டுப்பண். எல்லாரும் எழுந்து நிற்போம்."

நன்றி என்ற சொல் இதில் நான்கே இடத்தில் வருகிறது. தலைமையாசிரியருக்கும் ஆயாம்மாவுக்கும் அந்தச் சொல்லே வரவில்லை. ஆனாலும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஆயாம்மா வரியை வெறும் அலங்காரமாக எழுதக்கூடாது. மறுநாள் காலை நாலு பிள்ளைகளாவது துடைப்பத்தோடு போய் நிற்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்ய முடியாதென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, அவர் ஏற்கெனவே செய்ததைச் சொல்வது நல்லது.

சிறப்பு விருந்தினருக்கான வரியை நான் முன்கூட்டி எழுதுவதே இல்லை. தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அவர் பேசும்போது மேடை ஓரத்தில் பென்சிலோடு உட்கார்ந்துகொள்வேன். பிள்ளைகள் சிரித்த இடம் அல்லது சட்டென்று அமைதியான இடம் ஒன்று கட்டாயம் வரும். அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பேச்சின் சாரத்தை எடுத்துச் சொல்லப் போனால் இன்னொரு சொற்பொழிவாகிவிடும். ஒரே ஒரு விவரம் போதும். மாணவி பேசுவதாக இருந்தால் அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, மேடை ஏறுமுன் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்வேன். விருந்தினர் ஒன்றுமே பிடிகொடுக்காமல் அறிவுரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆண்டும் உண்டு. அப்போது அவர் பரிசு கொடுக்கையில் கவனித்ததைச் சொல்லலாம். கடைசிப் பிள்ளைவரை பெயர் கேட்டுக் கைகொடுத்தார் என்றால் அதுவே நல்ல வரி.

எல்லோருக்கும் ஒரு செயல் கிடைக்காது. மேடை நிறைய பிரமுகர்கள் உட்காரும் விழாக்களில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்தது மட்டுமே செய்திருப்பார்கள். அவர்களுக்காக இல்லாத உதவியைக் கற்பனை செய்து எழுதினால் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பெயர்களை வரிசைப்படி ஒரே மூச்சில் சொல்லி, 'கடைசி நிகழ்ச்சிவரை எங்களோடு இருந்தீர்கள்' என்று முடித்தால் அது உண்மை, மரியாதையும்கூட. அந்த வரிசையில் மட்டும் விளையாடக்கூடாது. அழைப்பிதழில் உள்ள வரிசைதான் உரையிலும். 'மாண்புமிகு', 'உயர்திரு' போன்றவற்றையும் குறைக்க முடியாது. படிப்புப் பட்டங்களைக் குறைக்கலாம். வரவேற்புரையிலேயே ஒருமுறை வாசித்தாகிவிட்டது.

நன்கொடைத் தொகையை மட்டும் மேடையில் சொல்லவே கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். ஐயாயிரம் தந்தவர் பெயரைத் தொகையோடு வாசித்தால், ஐந்நூறு தந்துவிட்டுக் கீழே உட்கார்ந்திருக்கும் கட்டடத் தொழிலாளி அடுத்த ஆண்டு கொடுக்கத் தயங்குவார். பணம் என்னவாக மாறியதோ அதைச் சொன்னால் இருவரும் ஒரே வரியில் அடங்கிவிடுவார்கள். தொகை வேண்டுவோருக்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது.

மேடையில் துண்டுச்சீட்டு வந்துகொண்டே இருக்கும். 'இவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது நீட்டுவார்கள். அதற்காகவே இரண்டாவது பத்திக்குக் கீழே இடம் விட்டு எழுதுவேன். அங்கே ஒரு பெயரையும் அவர் செய்ததையும் நுழைத்தாலும் உரை குலையாது. 'யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும்' என்ற வரியை நான் சேர்ப்பதில்லை. விடுபட்டவருக்கு அது ஆறுதலாக இருந்து பார்த்ததில்லை. அதற்குப் பதில், பரிசளிப்பு நடக்கும்போதே தலைமையாசிரியரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் தாளைக் காட்டிப் பெயர்களைச் சரிபார்த்துவிடலாம்.

கடைசியாக, 'நன்றி, வணக்கம்' என்று உரையை முடிக்க வேண்டாம். வணக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிக் கூட்டம் நடக்கத் தொடங்கிவிடும். பிறகு நாட்டுப்பண் தொடங்குகையில் நடந்தவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டிவரும், சிலர் வாசலுக்கு வெளியே போயிருப்பார்கள். எழுந்து நிற்கச் சொல்லும் வரியே உரையின் முடிவாக இருந்தால், மாணவி அதைச் சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நேராக நிற்பாள், பாடும் பிள்ளைகளும் உடனே தொடங்கிவிடுவார்கள்.