அணிவித்தலும் வழங்குதலும்

பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் ஆண் விருந்தினருக்கு மாலை 'அணிவிப்பார்கள்'. எனக்கு 'வழங்குவார்கள்'. பத்துப் பன்னிரண்டு மேடைகள் ஏறிய பிறகுதான் இந்த வினைச்சொல் மாற்றம் என் காதில் விழுந்தது. தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவளுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆண் ஒருவன் பெண்ணின் கழுத்தில் மாலையிட்டால் அது கல்யாணம். ஓய்வுபெறும் வயதிலிருக்கும் தலைமையாசிரியருக்கும் கை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே மாலை என் இரண்டு கைகளில் வந்து சேரும். பக்கத்து நாற்காலிக்காரர் கழுத்தில் விழுந்த மாலையைப் படம் எடுத்து முடித்ததுமே கழற்றி மேசையில் வைத்துவிடுவார். நான் ஈரம் சொட்டும் ரோஜா மாலையைப் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு எங்கே வைப்பது என்று பார்ப்பேன். பொன்னாடையும் அப்படித்தான், மடிப்புக் கலையாமல், சில இடங்களில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கைக்கு வரும். போர்த்தாத ஆடைக்குப் 'பொன்னாடை போர்த்தி கௌரவிக்கிறார்' என்ற அறிவிப்பும் சேர்ந்துகொள்ளும்.

சென்ற ஆண்டு ஓர் அரசு மேல்நிலைப்பள்ளிக்குப் போனேன். என்னை அழைத்தவர் அங்குள்ள தமிழாசிரியை. மூன்று முறை தொலைபேசியில் பேசி, நிகழ்ச்சி நிரல் எழுதி, அறிவிப்புச் செய்யும் பதினொன்றாம் வகுப்பு மாணவிக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார். அந்தப் பெண் 'பொன்னாடை போர்த்தி' என்று சுத்தமாகச் சொன்னாள். பெரிய மேடைகளில்கூடப் 'பொன்னாடை போற்றி' என்றுதான் பலரும் சொல்கிறார்கள். போற்றுவது வாயால், போர்த்துவது கையால் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாராம்.

அந்த டீச்சரை வாசலில் தேடினேன். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், கற்கண்டு எல்லாம் வைத்த தட்டோடு நின்ற பிள்ளைகளுக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்தார். தட்டை வாங்கி எனக்குக் குங்குமம் நீட்டியது இன்னோர் ஆசிரியை. தமிழாசிரியையின் கணவர் இறந்து நான்கு ஆண்டுகள். அவரைத் தள்ளி நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. "நீங்க உட்காருங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்" என்பார்கள், பரிவாக. அந்தப் பரிவுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

மேடையில் எனக்கு மாலை அணிவிக்க, மாணவியின் தாளில் குங்குமம் நீட்டிய ஆசிரியையின் பெயரே இருந்தது. பெண்ணுக்குப் பெண் என்று ஒரு வழி கண்டுபிடித்தவர்கள், அதிலும் ஒருத்தியை வடிகட்டியிருந்தார்கள். எனக்குப் பேகன் நினைவு வந்தது. குளிருமே என்று மயிலுக்குப் போர்வை கொடுத்ததற்காக அவனைப் பள்ளிப் பாடத்தில் வள்ளல் என்று படிக்கிறோம். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அழவிட்டதையும், கபிலரும் பரணரும் இன்னும் இரு புலவர்களும் அவளுக்காக அவனிடம் பேசியதையும் புறநானூறு வைத்திருக்கிறது. பரணர் மயிலின் போர்வையைச் சொல்லிவிட்டு, தனக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் போ என்றே கேட்கிறார்.

மாணவியைப் பக்கத்தில் அழைத்து, தமிழ் டீச்சர் பெயரைச் சொல்லச் சொன்னேன்.

"பேப்பர்ல வேற மிஸ் பேரு இருக்கு மேடம்."

"பரவால்லம்மா, நான் சொன்னேன்னு சொல்லு."

சொன்னாள். அவர் வரச் சற்று நேரம் ஆயிற்று. வந்தவர், குஞ்சம் நடுவில் தொங்குமாறு மாலையை அகல விரித்து, என் கொண்டையில் மாட்டாமல் தலைக்கு மேலாக இறக்கினார். பொன்னாடையை உறையிலிருந்து உருவி உதறி, நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்து, பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, ஜரிகை வெளியே தெரிய இரண்டு முனைகளையும் சமன் செய்தார். மற்றவர்கள் முனைகளை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்ப்பார்கள். இவர் தோளில் சரிந்த இடத்தை ஒருமுறை நீவிவிட்டார். விரல்கள் சில்லென்றிருந்தன. என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

பேச்சு நன்றாக அமைந்ததாக எல்லோரும் சொன்னார்கள். எனக்குள் ஒரு சின்னக் கர்வம் இருந்தது, மறைப்பானேன்.

இரவு தொலைபேசியில் அவரே கூப்பிட்டார். நன்றி சொன்னார். சற்று நிறுத்தி, "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம் மேடம்" என்றார். "மாலை போட எனக்கும் ஆசைதான். ஆனா அத்தன பேர் முன்னாடி, நான் எதுக்கு இவ்வளவு நாளா ஓரமா நின்னேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டுக்கான நிரலில் வாசலில் தட்டோடு நிற்பவர் பெயரைத் தானே எழுதப்போவதாகச் சொன்னார். யார் பெயர் என்று நான் கேட்கவில்லை.