முகம் மாற்றப் போய் ஆளையே மாற்றிய கதை

கடைசி வருட குரூப் போட்டோ அன்று நண்பனுக்குக் காய்ச்சல். அவன் உயரத்தில் ஒரு ஜூனியரை அவன் இடத்தில் நிற்க வைத்து எடுத்தோம். "முகத்தை அப்புறம் கிம்ப்ல ஒட்டிக்கலாம்டா" என்று வீரவசனம் பேசியது அடியேன்தான்.

ஒட்டினேன். குரூப் போட்டோ ஆடிட்டோரியத்தின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தது. அவன் முகமோ ஒரு மதியம் வராந்தா நிழலில் எடுத்தது. அதனால் அது மட்டும் நீலம் பாரித்துத் தெரிந்தது. பக்கத்தில் தெரிந்த ஜூனியரின் கழுத்து நிறத்தோடு சேரும்வரை கண் அளவிலேயே சரிசெய்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

படத்தைப் பார்த்தவன், "சூப்பர் மச்சி. ஆனா யாருடா இது?" என்றான். ஜூனியர் நல்ல சிவப்பு, இவன் கறுப்பு. வெளிச்சத்தை மாற்றுவதாக நினைத்து ஆளின் நிறத்தையே மாற்றி வைத்திருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்றது.

தப்பு எங்கே என்றால், தோலைப் பார்த்து வெளிச்சத்தைக் கணித்ததில். தோல் ஆளுக்கு ஆள் மாறும். சாம்பல் நிறப் பொருள் அப்படியல்ல. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அது ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பும். படத்தில் அதன் எண்கள் வேறுபட்டால் காரணம் வெளிச்சம்தான்.

நல்லவேளை, இரண்டு படத்திலும் பெயிண்ட் அடிக்காத சிமெண்ட் தூண் இருந்தது. சிமெண்ட் சுத்தமான சாம்பல் இல்லைதான். ஆனால் இரண்டிலும் ஒரே பொருள் என்பதால், வகுக்கும்போது அதன் சொந்தச் சாயல் அடிபட்டுப் போகும். ஒரு புள்ளியை மட்டும் நம்பாமல் Sample average போட்டு அளந்தேன்:

```
          R    G    B
குரூப்     150  128   96
வராந்தா   120  128  140
```

மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் சிவப்புக்கு 1.25, பச்சைக்கு 1, நீலத்துக்கு 0.69. முக லேயரில் மட்டும் Levels திறந்து, சிவப்பில் உள்ளீட்டு வெள்ளையை 204 ஆக்கினேன் (255/1.25). நீலத்தில் வெளியீட்டு வெள்ளையை 175 ஆக்கினேன் (255 × 0.69, சற்றே குறைய). 110, 84, 72 என்றிருந்த கன்னம் 138, 84, 49 ஆனது. மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கும் கறுப்பு மனிதன். அவனேதான்! கழுத்தையும் அவன் படத்திலிருந்தே எடுத்து ஒட்டினேன்.

முதலில் நான் அளந்தது ஜன்னலோரத் தூணை. அதில் பகல் வெளிச்சமும் கலந்திருந்ததால் முகம் மறுபடி நீலமடித்தது. முகத்தின் மேல் விழும் அதே வெளிச்சம் விழுகிற இடத்தைத்தான் அளக்க வேண்டும். வெள்ளைச் சட்டையை வைத்து அளக்காதீர்கள். சலவை நீலம் ஏமாற்றும், எண் 255-ஐத் தொட்டிருந்தால் கணக்கே செல்லாது.

நிழல் விழும் பக்கத்தை இந்தக் கணக்கு சரிசெய்யாது. அவன் மூக்கின் நிழல் இன்னும் தப்பான பக்கம்தான் விழுகிறது. அதை அவன் கவனிக்கவில்லை. "இது நான்தான்" என்றான், அது போதும் :-)